கல்லூரி வார்ப்புருவுக்குள் ஒரு தனி ரெஸ்யூம்: தருமபுரி மாவட்ட இறுதியாண்டு மாணவி ஒருவரின் வளாகத் தேர்வு

பின்னணி

தருமபுரி மாவட்டத்தில் உள்ள ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மின்னியல் துறையின் பிளேஸ்மென்ட் ஒருங்கிணைப்பை நான் பார்த்துக்கொள்கிறேன். ஏழாம் செமஸ்டர் தொடங்கியதும் வேலை குவியும். ஓசூர் சிப்காட் பக்கத்து ஆலைகள் ஒவ்வொன்றாகத் தேதி கேட்கும். பிளேஸ்மென்ட் செல் எல்லாத் துறைகளிடமும் ரெஸ்யூம் கேட்கும். அதற்கு ஒரு வேர்டு வார்ப்புரு உண்டு. மேலே கல்லூரிச் சின்னமும் புகைப்படமும், அடுத்து வேலை நோக்கம், பத்தாவது முதல் இன்றைய சிஜிபிஏ வரையிலான மதிப்பெண் அட்டவணை, ஆர்வமுள்ள பாடங்கள், தொழில்நுட்பத் திறன்கள், ப்ராஜெக்ட், இன்பிளான்ட் ட்ரெய்னிங், போட்டிகள், தனிப்பட்ட விவரம், கடைசியில் உறுதிமொழியும் கையெழுத்தும். எழுத்துரு டைம்ஸ் நியூ ரோமன், அளவு 12, இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. தலைப்புகளைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

இந்தக் கட்டுப்பாட்டைப் பற்றி மாணவர்கள் முணுமுணுப்பது வழக்கம். ஆனால் அதற்குக் காரணம் இருக்கிறது. நேர்காணல் குழுவில் உட்காருபவர் ஒரே நாளில் பல துறைப் பிள்ளைகளைப் பார்க்கிறார். அரியர் எங்கே, பன்னிரண்டாம் வகுப்பு எங்கே என்று ஒவ்வொரு தாளிலும் தேடிக்கொண்டிருக்க அவருக்கு நேரம் கிடையாது. எங்கள் செல் எல்லா ரெஸ்யூமையும் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்து ஒரே கட்டாகக் கொடுக்கிறது. வண்ணமும் இரட்டைப் பத்தியும் அந்த அச்சில் சாம்பல் பட்டையாகத்தான் வரும்.

இந்த நிகழ்வின் மாணவி பாலக்கோடு பக்கத்துக் கிராமத்தவர். தமிழ்வழியில் படித்தவர். சிஜிபிஏ 7.2; மூன்றாம் செமஸ்டரில் ஒரு அரியர் விழுந்து, பிறகு தேறியவர். அப்பா மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். ஆழ்துளைக் கிணற்று மோட்டார்கள்தான் பெரும்பாலும் வரும். மாணவி குறிவைத்திருந்தது ஓசூரில் மின்வாகன மோட்டார் உறுப்புகள் செய்யும் ஒரு நிறுவனம். சோதனைப் பிரிவுக்குப் பயிற்சிப் பொறியாளர்களை எடுக்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

முதலில் வந்த தாள்

முதலில் அவர் கொண்டுவந்தது கல்லூரி வார்ப்புருவே அல்ல. இணையத்தில் கிடைத்த நீல நிற இரட்டைப் பத்தி வடிவம். திறமைகளுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு, மாட்லாபுக்கு நான்கு, சி மொழிக்கு மூன்று என்று நிரப்பியிருந்தார். செல் அதை அன்றே திருப்பி அனுப்பியது. எனக்கு நட்சத்திரங்களின் மேல்தான் அதிக வருத்தம். நான்கு நட்சத்திரம் என்றால் என்ன தெரியும் என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது.

இரண்டாவது தாள் வார்ப்புருவில் வந்தது. பிழை எதுவும் இல்லை, ஆனால் அதே துறையின் மற்ற தாள்களுக்கு நடுவில் வைத்தால் பெயரை வைத்துத்தான் பிரித்தெடுக்க முடியும். வேலை நோக்கத்தில், சவாலான சூழலில் தன் திறமையை வளர்த்து நிறுவன வளர்ச்சிக்கு உதவ விரும்புவதாக ஒரு வாக்கியம். அதே வாக்கியம் எழுத்து மாறாமல் வேறு பல தாள்களிலும் இருந்தது. ஆர்வமுள்ள பாடங்கள் என்ற இடத்தில் மின் இயந்திரங்கள், பவர் எலெக்ட்ரானிக்ஸ், கட்டுப்பாட்டு முறைகள், ஐஓடி என நான்கு. இன்பிளான்ட் ட்ரெய்னிங்கில் ஒரு துணை மின்நிலையத்தைச் சுற்றிப் பார்த்த வருகை.

ப்ராஜெக்ட் பகுதியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தலைப்பு: ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்கு மொபைல் வழிக் கட்டுப்பாடும் பாதுகாப்பும். (ரெஸ்யூம் ஆங்கிலத்தில்தான், வரிகளின் பொருளை இங்கே தமிழில் தருகிறேன்.) விளக்கம் இப்படி இருந்தது: "இந்தத் திட்டம் ஐஓடி மூலம் மோட்டாரைத் தொலைவிலிருந்து கண்காணிக்க உதவுகிறது. விவசாயிகளின் நேரமும் மின்சாரமும் மிச்சமாகும்." குழுவில் நான்கு பேர். நான்கு தாளிலும் இதே இரண்டு வரி. படிப்பவருக்கு இந்த நால்வரில் யார் என்ன செய்தார் என்று எப்படித் தெரியும்?

அப்பாவின் கடை தாளில் எங்குமே இல்லை. தனிப்பட்ட விவரத்தில் அப்பாவின் தொழில் "சுயதொழில்" என்று மட்டும் இருந்தது. கேட்டபோது, "கடைன்னு எழுதினா சின்னதா தெரியும் சார். மத்தவங்க எல்லாம் இன்டர்ன்ஷிப் போட்டிருக்காங்க" என்றார். கடையில் நீ என்னம்மா செய்வாய் என்று கேட்டேன். விடுமுறையில் நோட்டு எழுதுவேன், சில சமயம் மெக்கர் பிடிப்பேன் என்றார். அந்த நோட்டை மறுநாள் எடுத்துவரச் சொன்னேன்.

நோட்டில் இருந்தது

நீளமான கணக்கு நோட்டு. மோட்டார் கொண்டுவந்தவரின் ஊர், குதிரைத்திறன், ஸ்லாட் எண்ணிக்கை, ஒரு காயிலுக்கு எத்தனை சுற்று, கம்பியின் கேஜ் ஆகியவை வரிசையாக இருந்தன. பழைய காயிலை அறுத்தெடுப்பதற்கு முன் இவற்றைக் குறித்துக்கொள்ளாவிட்டால் திரும்பக் கட்ட முடியாது. அதனால் எந்தக் கடையிலும் ஏதோ ஒரு நோட்டு இருக்கும். இந்த நோட்டில் கூடுதலாக ஒரு பத்தி இருந்தது, காயில் எப்படி எரிந்திருக்கிறது என்பதற்கு. "2 கறுப்பு 1 நல்லது", "மூணும் கறுப்பு", "தண்ணி", "பேரிங்" என்று மாணவியின் கையெழுத்தில்.

மின்னியல் படித்தவர்களுக்கு அந்தப் பத்தி எவ்வளவு மதிப்புள்ளது என்பது புரியும். மூன்று பேஸ் மோட்டாருக்கு வரும் லைனில் ஒரு பேஸ் போய்விட்டால், அதாவது சிங்கிள் பேஸிங் ஆனால், ஸ்டார் இணைப்பில் உள்ள மோட்டாரில் இரண்டு பேஸ் காயில்கள் தொடர் இணைப்பாக அதிக மின்னோட்டத்தைச் சுமந்து கருகும். மூன்றாவதில் மின்னோட்டமே ஓடாது, அது செம்பு நிறத்திலேயே இருக்கும். டெல்டா இணைப்பில் இது தலைகீழ்: ஒரு காயில் தொகுதி கருகும், மற்ற இரண்டும் தப்பும். அதிக சுமையாலோ ரோட்டர் பிடித்துக்கொண்டதாலோ எரிந்தால் மூன்றும் ஒரேபோலக் கருகும். எங்கள் பக்கம் இரண்டு பேஸ் மட்டும் வரும் நேரத்தில் கப்பாசிட்டர் வைத்து மோட்டாரை ஓட்டுவது சாதாரணம், அதனால் "2 கறுப்பு" அடிக்கடி வருவதில் வியப்பில்லை. பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாக இருக்கும் விஷயத்தை இந்தப் பெண் எரிந்த மோட்டாரில் கண்ணால் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார். அது ரெஸ்யூமில் இல்லை, நட்சத்திரங்கள் இருந்தன.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் கேள்வி, கடை வேலையை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது. மாணவி இன்டர்ன்ஷிப் என்று போடலாமா என்று கேட்டார். பிளேஸ்மென்ட் அதிகாரி, "சான்றிதழ் இருக்கா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். கடைக்கு லெட்டர்பேடே கிடையாது. அப்பாவிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கி இன்டர்ன்ஷிப் என்று சேர்த்தால், நேர்காணலில் முதல் கேள்வியிலேயே அது அப்பா கடை என்பது வெளிவரும். அதன்பிறகு தாளில் உள்ள மற்ற வரிகளையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்கள். அதனால் இன்பிளான்ட் பகுதியில் துணை மின்நிலைய வருகையை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு, கடையில் கற்றதைத் தொழில்நுட்பத் திறன்கள் என்ற தலைப்பின் கீழ் கொண்டுவந்தோம். வார்ப்புரு அந்தத் தலைப்பைப் பூட்டியிருக்கிறது, அதற்குள் மென்பொருள் பெயர்கள்தான் வர வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. எழுதும்போது "குடும்பத்தின் மோட்டார் ரீவைண்டிங் கடையில்" என்ற சொற்களை முதலிலேயே வைத்தோம். மறைக்க எதுவும் இல்லாதபடி எழுதினால் மாணவிக்கும் பேசுவது எளிது.

அடுத்தது எண்ணிக்கை. அவர் கைப்பட எழுதிய பதிவுகள் 61. அதில் 22-இல் இரண்டு பேஸ் எரிந்திருந்தது. மாணவி எழுதிய முதல் வரி, "22 மோட்டார்கள் சிங்கிள் பேஸிங்கால் எரிந்ததைக் கண்டறிந்தேன்" என்று இருந்தது. அதை மாற்றச் சொன்னேன். எரிந்த விதம்தான் அவர் கண்டது. சிங்கிள் பேஸிங் என்பது அதிலிருந்து எடுத்த முடிவு. வோல்டேஜ் சமமில்லாமல் வந்தாலும் காயில்கள் ஏற்றத்தாழ்வாக எரியலாம். லைனில் என்ன நடந்தது என்று கடையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. கடைசியில் நின்ற வரி: "ரீவைண்டிங்குக்கு வந்த 61 ஆழ்துளை மோட்டார்களின் காயில் விவரமும் எரிந்த விதமும் பதிவு செய்தேன், 22-இல் இரண்டு பேஸ் மட்டும் எரிந்திருந்தது." கீழே இன்னொரு வரி: "500 வோல்ட் மெக்கரால் இன்சுலேஷன் சோதனை." இந்த இரண்டு வரிக்காக மென்பொருள் பட்டியலில் அவர் ஒருமுறை மட்டும் திறந்து பார்த்த இரண்டு பெயர்களை நீக்கினோம்.

ஆர்வமுள்ள பாடங்களை நான்கிலிருந்து இரண்டாகக் குறைத்தோம்: மின் இயந்திரங்கள், மோட்டார் பாதுகாப்பு. நேர்காணல் செய்பவர்களில் பலர் கேள்வியைத் தொடங்கும் இடம் இதுதான். நான்கு பாடம் எழுதினால் நான்கில் எதிலிருந்தும் கேட்கலாம் என்று நாமே கதவைத் திறந்துவிடுகிறோம். கட்டுப்பாட்டு முறைகளில்தான் இவருக்கு அரியர் விழுந்திருந்தது. மற்றவர் பட்டியலைப் பார்த்து அதை எழுதியிருந்தார்.

ப்ராஜெக்ட் பகுதியில் அதிக நேரம் செலவானது. குழுவில் அவர் செய்தது மின்னோட்டத்தை அளப்பதும் எந்த அளவில் மோட்டாரை நிறுத்துவது என்று தீர்மானிப்பதும். ஆழ்துளை மோட்டாரில் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். சுமை கூடினால் மின்னோட்டம் ஏறும். கிணற்றில் தண்ணீர் இறங்கிப் பம்ப் வெறுமனே ஓடினால் மின்னோட்டம் குறையும். அதற்கு மேல், மோட்டார் கிளம்பும்போது சில விநாடிகளுக்கு வழக்கமான அளவைப் போலப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். அதைச் சுமை என்று எண்ணிச் சாதனம் நிறுத்திவிட்டால் மோட்டார் ஓடவே ஓடாது. இவர் கடையின் சோதனை மேடையில் ஒரு மோட்டாரை ஓட்டி, கிளாம்ப் மீட்டர் காட்டும் அளவோடு சென்சார் அளவை ஒப்பிட்டுத் திருத்தி, தொடக்கத்தில் 4 விநாடி கண்டுகொள்ளாமல் விடும்படி வைத்திருக்கிறார். இது எதுவும் பழைய விளக்கத்தில் இல்லை.

புதிய விளக்கம் இப்படி அமைந்தது: "4 பேர் குழு. என் பொறுப்பு மின்னோட்ட அளவீடும் நிறுத்தும் அளவுகளும். சென்சார் அளவை கிளாம்ப் மீட்டருடன் ஒப்பிட்டுத் திருத்தினேன். அதிகச் சுமைக்கும் தண்ணீரில்லா ஓட்டத்துக்கும் தனித்தனி அளவு. தொடக்க மின்னோட்டத்துக்கு 4 விநாடி தாமதம். நிரலும் மொபைல் செயலியும் மற்ற உறுப்பினர்கள்." கடைசி வாக்கியத்தைப் பார்த்த அதிகாரி, பலவீனத்தை நாமே ஏன் எழுத வேண்டும் என்று கேட்டார். எழுதாவிட்டால் முழு ப்ராஜெக்ட்டும் அவருடையதாகப் படிக்கப்படும், நிரலிலிருந்து கேள்வி வரும் என்றேன். அவருக்கு முழுத் திருப்தி இல்லை, ஆனாலும் விட்டுவிட்டார்.

வேலை நோக்கத்தை "மோட்டார் சோதனை அல்லது தரப் பிரிவில் பயிற்சிப் பொறியாளர் பணி" என்று ஒரே வரியாக்கினோம். சிஜிபிஏ, தேறிய அரியர் இரண்டும் அட்டவணையில் உள்ளது உள்ளபடியே நின்றன. செல் அனுப்பும் எக்செல் பட்டியலில் அதே எண்கள் போகின்றன. தாளில் ஒன்று, பட்டியலில் ஒன்று என்று இருந்தால் அதைவிடக் கெடுதல் வேறில்லை. மேலே சொன்ன எல்லாம் சேர்ந்தும் தாள் ஒன்றரைப் பக்கத்தில் முடிந்தது. கைபேசியில் திறந்தால் அட்டவணை கலைந்துவிடுகிறது என்பதால் கணினியில் வேர்டிலிருந்தே பிடிஎஃப் ஆக்கி, செல் கேட்ட பெயரில் கொடுத்தார்:

```
EEE_RegNo_Resume.pdf
```

நேர்காணல்களில் நடந்தது

ஓசூர் நிறுவனத்துக்கு முன்னால் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனம் வந்தது. மாணவியும் எழுதினார், இணையவழித் தேர்வில் தேறவில்லை. அங்கே விவரங்களை அவர்களுடைய போர்ட்டலில்தான் நிரப்பச் சொன்னார்கள். ரெஸ்யூமை அந்தக் கட்டத்தில் யாரும் திறக்கவில்லை. ஆயிரக்கணக்கில் எடுக்கும் இடங்களில் தாளைச் செதுக்குவதால் முதல் சுற்றில் எந்தப் பயனும் இல்லை என்பதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

ஓசூர் நிறுவனமும் முதலில் எக்செல் பட்டியலைத்தான் பார்த்தது. எல்லா நிலையிலும் 60 சதவீதம், நிலுவை அரியர் இல்லை என்பது நிபந்தனை. அதற்குப் பிறகு எழுத்துத் தேர்வு. அதுவரைக்கும் தாள் கட்டு மேசையில் கட்டியபடியே கிடந்தது. தொழில்நுட்ப நேர்காணலில்தான் அது பிரிக்கப்பட்டது. இரண்டு பேர் கொண்ட குழு. ஒருவர் சோதனைப் பிரிவுப் பொறியாளர்.

மாணவி வெளியே வந்ததும் சொன்னதை வைத்து எழுதுகிறேன். பொறியாளர் தாளைப் பார்த்தபடியே, "61 மோட்டார்னு எழுதியிருக்கீங்க, யார் எண்ணினது?" என்று ஆரம்பித்திருக்கிறார். இவர் நோட்டை எடுத்து நீட்டியிருக்கிறார். சில பக்கங்களைப் புரட்டிவிட்டு, இரண்டு பேஸ் எரிந்தால் என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கிறார். ஸ்டார் இணைப்பில் ஒரு பேஸ் போயிருக்கலாம் என்று காயில்களை வரைந்து காட்டியிருக்கிறார் மாணவி. "டெல்டாவா இருந்தா?" ஒன்றுதான் எரியும். "எல்லாம் சிங்கிள் பேஸிங்தான்னு சொல்ல முடியுமா?" சொல்ல முடியாது சார், வோல்டேஜ் ஏற்றத்தாழ்வும் இருக்கலாம், கடையில லைன் பாக்க முடியாது. இந்தக் கடைசிப் பதிலுக்குப் பொறியாளர் தலையாட்டினாராம். பிறகு மெக்கர் சோதனையில் எந்த அளவுக்குக் கீழே வந்தால் மோட்டாரைத் திருப்பிக் கொடுக்கமாட்டீர்கள் என்று கேட்டிருக்கிறார். ஒரு மெகாஓமுக்குக் கீழே வந்தால் காயவைத்து மறுபடி பார்ப்போம் என்றிருக்கிறார். ஆங்கிலத்தில் தடுமாறிய இடங்களில் தமிழில் சொல்ல விட்டிருக்கிறார்கள்.

ப்ராஜெக்ட்டுக்கு வந்தபோது இரண்டாமவர் மொபைல் செயலியைப் பற்றிக் கேட்க வாயெடுத்து, தாளைப் பார்த்துவிட்டு, தாமதம் ஏன் 4 விநாடி என்று மாற்றிக் கேட்டிருக்கிறார். அதே குழுவின் இன்னொரு மாணவர், சிஜிபிஏ இவரைவிட அதிகம், பழைய இரண்டு வரியோடே போயிருந்தார். அவர் வேலை சர்க்யூட் போர்டு. அவரிடம் நிரலைப் பற்றியே கேட்டார்கள், அங்கேயே நேரம் போய்விட்டது.

வேலை நோக்கத்தை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

விளைவு

எங்கள் துறையிலிருந்து மூவர் தேர்வானார்கள், அதில் இவரும் ஒருவர். ரெஸ்யூமால்தான் கிடைத்தது என்று நான் சொல்லமாட்டேன். நோட்டு இல்லாமல் அந்த வரிகள் மட்டும் இருந்திருந்தால் இரண்டாவது கேள்வியோடு நின்றிருக்கும். தாள் செய்தது ஒன்றே: எந்த இடத்திலிருந்து கேள்வி வர வேண்டும் என்பதை மாணவிக்குச் சாதகமாகத் திருப்பியது. சர்க்யூட் போர்டு செய்த மாணவருக்கு அது நடக்கவில்லை. அவர் பிறகு தன் பங்கை எழுதிக்கொண்டு வேறொரு நிறுவனத்துக்குப் போனார். அதன் முடிவு இந்தக் குறிப்பு எழுதும்வரை வரவில்லை.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. செய்தி பரவியதும் அடுத்த நிறுவனத்துக்கு வந்த தாள்களில் "ரீவைண்டிங் கடை அனுபவம்" என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். ஒருவருக்கு மாமா கடை உண்மையிலேயே இருந்தது, ஆனால் மெக்கரில் என்ன அளக்கிறோம் என்று கேட்டால் தெரியவில்லை. மற்ற இருவருக்கும் கடையே கிடையாது. மூன்றையும் நீக்கச் சொன்னேன். அந்த மூவரில் ஒருவர் பால் சொசைட்டியில் காலையில் கொழுப்பு அளவெடுக்கும் வேலையை இரண்டு ஆண்டாகச் செய்துவந்தவர். அதை எழுதத் தோன்றவில்லை அவருக்கு. மாதிரி எடுப்பது, லாக்டோமீட்டர் பார்ப்பது, கருவியின் அளவு சந்தேகமாக இருந்தால் மறுபடி சோதிப்பது என்று அவர் தாளில் இப்போது இரண்டு வரி இருக்கிறது.

மாற்றப்போவது

ப்ராஜெக்ட் பகுதியில் "குழுவில் என் பங்கு" என்று ஒரு வரியை வார்ப்புருவிலேயே சேர்க்கும்படி செல்லிடம் கேட்டேன். அடுத்த ஆண்டு வார்ப்புருவில் சேர்ப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இதனால் இப்போது தனித்துத் தெரிகிற விஷயம் எல்லார் தாளிலும் வந்துவிடும், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ரெஸ்யூம் பேச்சை ஏழாம் செமஸ்டரில் தொடங்குவது தாமதம். இந்த மாணவியிடம் நோட்டு இருந்தது தற்செயல். ஐந்தாம் செமஸ்டர் விடுமுறைக்கு முன்பே, வீட்டிலோ ஊரிலோ துறை சார்ந்து எதைச் செய்தாலும் தேதி போட்டுக் குறித்து வைக்கும்படி சொல்லப்போகிறேன். ஒவ்வொரு வரியையும் ஏற்பதற்கு முன் அதிலிருந்து வரக்கூடிய மூன்று கேள்வியை மாணவரே எழுதி, பதிலோடு கொண்டுவர வேண்டும் என்பதும் இந்த ஆண்டு முதல் நடைமுறை. பதில் இல்லாத வரி தாளில் ஏறாது. வேலை நோக்கத்துக்கு இனி நேரம் ஒதுக்கமாட்டேன். எந்தப் பணி என்று ஒரு வரி போதும்.

சான்றிதழ் இல்லாத வேலையை எப்படிக் காட்டுவது என்பதில் மட்டும் செல்லும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை. இப்போதைக்கு, நோட்டோ புகைப்படமோ ஏதாவது ஒரு பதிவைத் துறையில் காட்டினால் தொழில்நுட்பத் திறன்களின் கீழ் எழுத அனுமதி, இன்டர்ன்ஷிப் என்ற சொல்லுக்கு அனுமதி இல்லை என்று வைத்திருக்கிறோம்.